அந்த 2 எந்த 2?

கிண்டியில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு டீக்கடை. சாயங்காலம் நாலரை மணிக்கு அங்கே ஒரு பெஞ்சு காலியாகக் கிடைக்கும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் அன்று கையில் இரண்டு தாள்களோடு வந்து உட்கார்ந்தார். பேட்டன்ட் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கங்கள். கிளெய்ம் வரும் இடம்.

“சார், காலையில கண்டுபிடிச்சவர் போன் பண்ணி ஒரு கிளெய்ம் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். நம்பரை எல்லாம் மாத்தினேன். இப்ப கிளெய்ம் 4, கிளெய்ம் 4-ஐயே கைகாட்டுது.”

“நல்ல தப்பும்மா. கண்ணுக்குத் தெரியுற தப்பு. தெரியாத தப்பு இன்னும் உள்ளே இருக்கலாம். முதல்ல டீ சொல்லு.”

காப்புரிமை விண்ணப்பத்தில் படம் இருக்கும், விளக்கம் பக்கம் பக்கமாக இருக்கும். ஆனால் வேலி போடுவது கடைசியில் வரும் கிளெய்ம்கள்தான். ‘இது எனக்கு உரியது’ என்று எல்லை சொல்லும் வாக்கியங்கள் அவை. நம் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, முழு விவரக்குறிப்பு கிளெய்மில் முடிய வேண்டும் என்கிறது. ஒரு கிளெய்முக்கு ஒரே வாக்கியம், ஒரு எண். தன் காலிலேயே நிற்பது தனிக் கிளெய்ம். ‘கிளெய்ம் 2-இல் கோரியபடியான மூடி’ என்று முன்னே உள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது சார்புக் கிளெய்ம். அந்த ‘2’ சரியான ‘2’தானா என்பதுதான் எங்கள் பேச்சு.

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தது பால் பொங்கி வழியாமல் எச்சரிக்கும் ஒரு மூடிக்கான விண்ணப்பம். காலையில் போன் வருவதற்கு முன் அது இப்படி இருந்தது. தாக்கல் செய்வது ஆங்கிலத்தில். சாரத்தை மட்டும் தமிழில் சொல்கிறேன்.

1. ஒரு பாத்திர மூடி: விளிம்பில் உட்காரும் ஒரு தட்டு, அந்தத் தட்டின் அடியில் ஒரு வெப்ப உணரி, உணரி குறித்த வெப்பத்தைத் தொட்டதும் ஒலிக்கும் ஒரு பஸ்ஸர் ஆகியவை கொண்டது.
2. கிளெய்ம் 1-இன் மூடி. அந்தத் தட்டின் மேல் ஒரு கைப்பிடி உள்ளது.
3. கிளெய்ம் 2-இன் மூடி; அந்தக் கைப்பிடி உள்ளே குழிவானது, அதற்குள் ஒரு பேட்டரி உள்ளது.
4. கிளெய்ம் 1-இன் மூடி. அந்தத் தட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.
5. கிளெய்ம் 3-இன் மூடி. அந்தப் பேட்டரி திரும்பச் சார்ஜ் செய்யக்கூடியது.
6. கிளெய்ம் 1-இன் மூடி. அந்தத் தட்டில் ஒரு ஆவித்துளை உள்ளது.
7. கிளெய்ம் 6-இன் மூடி. அந்த ஆவித்துளைக்கு ஆவியின் அழுத்தத்தில் திறக்கும் ஒரு மடல் உள்ளது.

இதை வம்சாவளி மாதிரி வரைந்தால் இப்படி வரும்:

```
1
├─ 2 ── 3 ── 5
├─ 4
└─ 6 ── 7
```

‘கிளெய்ம் 3-இன் மூடி’ என்று எழுதும்போது அந்த எண் ஓர் அடையாளச் சீட்டு அல்ல. கிளெய்ம் 3-இல் உள்ள ஒவ்வொரு சொல்லையும் தூக்கி இங்கே வைத்துவிட்டோம் என்று பொருள். கிளெய்ம் 3 தன் பங்குக்கு 2-ஐயும், 2 தன் பங்குக்கு 1-ஐயும் இழுத்து வரும். ஆக 5-ஆம் கிளெய்ம் ஒரே வரிதான் என்றாலும், விரித்தால் தட்டு, உணரி, பஸ்ஸர், கைப்பிடி, குழிவு, பேட்டரி, சார்ஜ் என்று ஏழும் அதில் உண்டு. ஏழும் சேர்ந்து இருக்கும் மூடிதான் அந்த வேலிக்குள் வரும். எண் மாறினால் வேலி மாறும்.

காலையில் போன் செய்தவர் கேட்டது எளியது. பஸ்ஸர் ஒலிக்கும் வெப்பம் 90 முதல் 95 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதற்கு ஒரு கிளெய்ம் வேண்டும். நம் தோழி அதை 1-க்கு அடுத்து, புதிய 2-ஆக வைத்தார். பழைய 2 முதல் 7 வரை எல்லாம் ஒரு படி இறங்கி 3 முதல் 8 வரை ஆயின. வரிசை எண்களை வேர்ட் தானே மாற்றிக்கொண்டது. வாக்கியத்துக்குள் கையால் தட்டிய எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அதற்கு எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, முதலில் `claim 2` என்பதை `claim 3` ஆக்கினார். பிறகு `claim 3` என்பதை `claim 4` ஆக்கினார். இங்கேதான் சறுக்கல். இரண்டாவது சுற்றுக்குப் போகும்போது கோப்பில் இரண்டு வகை `claim 3` இருக்கின்றன: பழைய 3, முதல் சுற்றில் இப்போதுதான் 3 ஆன பழைய 2. இரண்டையும் கணினி 4 ஆக்கிவிட்டது. கைப்பிடிக்குள் பேட்டரி வைக்கும் கிளெய்மின் புது எண்ணும் 4, அது கைகாட்டுவதும் 4. தன்னையே பெற்ற தாய்.

இதற்குத் தீர்வு சுலபம்: பெரிய எண்ணிலிருந்து கீழே வாருங்கள். முதலில் `claim 6` என்பதை 7 ஆக்கி, பிறகு 3-ஐ 4 ஆக்கி, கடைசியில் 2-ஐ 3 ஆக்கினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. பஸ்ஸில் கூட்டம் இறங்குவது போலத்தான். படிக்கட்டில் நிற்பவர் முதலில் இறங்கினால்தான் பின்னால் இருப்பவருக்கு வழி. கிளெய்ம்கள் பத்தைத் தாண்டினால் இன்னொரு கண்ணி உண்டு. `claim 1` என்று தேடினால் `claim 10`, `claim 12` எல்லாம் அகப்படும். அதனால் எண்ணுக்குப் பின் வரும் காற்புள்ளியையும் சேர்த்து `claim 1,` என்று தேட வேண்டும். `claims 1 to 3` என்று பன்மையில் எழுதிய இடங்கள் இந்த வலையில் சிக்கவே சிக்காது; அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சரியாக இறங்கிய பின் மரம் இப்படி இருக்கும்:

```
1
├─ 2 (புதியது: 90–95 டிகிரி)
├─ 3 ── 4 ── 6
├─ 5
└─ 7 ── 8
```

“கையால மாத்தாம கணினியே பாத்துக்காதா சார்?”

பார்த்துக்கொள்ளும், ஓரளவுக்கு. வேர்டில் கிளெய்ம் எண்களைத் தானியங்கி வரிசையாக வைத்துவிட்டு, வாக்கியத்துக்குள் எண் வரும் இடத்தில் கையால் தட்டாமல் `References` பட்டியில் `Cross-reference` திறந்து, `Numbered item` என்பதில் உரிய கிளெய்மைத் தேர்ந்து செருகலாம். அப்படிச் செருகியது வெறும் எண் அல்ல, அந்தப் பத்தியோடு கட்டிய கயிறு. நடுவே கிளெய்ம் சேர்த்த பிறகு `Ctrl+A`, `F9` அழுத்தினால் எல்லாக் கயிறுகளும் புது எண்ணைக் காட்டும். அழுத்த மறந்தால் பழைய எண்ணே நிற்கும். நான் ஒருமுறை அழுத்தாமலேயே பிடிஎஃப் எடுத்துக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன். நல்லவேளை, கையெழுத்துப் போட வேண்டியவர் படித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்.

கயிறு கட்டிய கிளெய்மையே அழித்துவிட்டால், புதுப்பித்தபின் அந்த இடத்தில் `Error! Reference source not found.` என்று தடித்த எழுத்தில் வரும். அது வந்தால் சந்தோஷப்பட வேண்டும், தப்பு தானாக வெளியே வந்துவிட்டது. கவனிக்க வேண்டியது இன்னொன்று. புதுக் கிளெய்மைச் செருக, அடுத்த கிளெய்மின் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து என்டர் தட்டாதீர்கள். கயிறு புதிதாக வந்த பத்தியோடு போய்விடக்கூடும். முந்தைய கிளெய்மின் கடைசியில் நின்று என்டர் தட்டுங்கள்.

ஆனால் கயிறு கட்டிய இடத்தைத்தான் காட்டும். கட்ட வேண்டிய இடத்தில் கட்டினோமா என்று அதற்குத் தெரியாது. அதைச் சோதிக்க மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, கைகாட்டப்படும் கிளெய்ம் முன்னால் வந்துவிட்டதா? அமெரிக்கச் சட்டம் ‘முன்பு சொல்லப்பட்ட கிளெய்மை’த்தான் குறிக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. தன்னையே காட்டுவதும், பின்னால் வருவதைக் காட்டுவதும் ஆகாது. இது கண்ணில் பட்டுவிடும்.

இரண்டாவது, ‘அந்த’ என்று சொல்வதற்கு முன் ‘ஒரு’ என்று சொல்லியாயிற்றா? கதையில் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்று தொடங்கிய பிறகுதானே ‘அந்த ராஜா’ வருவார். கிளெய்மிலும் ஒரு பொருள் முதன்முறை ‘ஒரு கைப்பிடி’ என்று நுழைய வேண்டும். அடுத்த முறைதான் ‘அந்தக் கைப்பிடி’. எண் வரிசை மாறியபின் உள்ளே இருக்கும் எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புது 4 இன்னும் 2-ஐக் காட்டும். 2-இல் இருப்பது வெப்ப அளவு மட்டும், கைப்பிடியே கிடையாது. 6 இன்னும் 3-ஐக் காட்டும். 3-இல் கைப்பிடி உண்டு, பேட்டரி இல்லை. 8 இன்னும் 6-ஐக் காட்டும். 6-இல் பேட்டரி உண்டு, ஆவித்துளை இல்லை. ‘அந்தக் கைப்பிடியா, எந்தக் கைப்பிடி?’ என்று காப்புரிமை அலுவலக ஆய்வாளர் கேட்பார். கிளெய்ம் தெளிவாக இல்லை என்ற ஆட்சேபம் முதல் ஆய்வறிக்கையிலேயே வந்துவிடும்.

அமெரிக்காவில் அதிகம் தாக்கல் செய்பவர்களுக்கு இதே கேள்வி இன்னொரு வடிவில் வரும். ‘கிளெய்ம் 1 முதல் 4 வரை ஏதாவது ஒன்றின் மூடி’ என்று பல பெற்றோரைக் காட்டி எழுதலாம். ஆனால் ‘அந்தப் பேட்டரி’ என்று தொடர்ந்தால் 4-இல் மட்டுமே பேட்டரி இருக்கிறது. 1, 2, 3 மூன்றிலும் அறுந்து தொங்கும். அமெரிக்க விதி இப்படிப் பலரைக் காட்டும்போது ‘அல்லது’ என்றுதான் காட்டச் சொல்கிறது. பலரைக் காட்டும் ஒரு கிளெய்மை, பலரைக் காட்டும் இன்னொன்று பிடித்துத் தொங்கவும் விடுவதில்லை.

மூன்றாவது கேள்விதான் ஆளைக் கவிழ்ப்பது: பிள்ளை தாயின் வேலிக்குள்தான் நிற்கிறதா? சார்புக் கிளெய்ம் தாயைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். தாய்க்கு வெளியே ஒரு அடிகூட வைக்கக் கூடாது. இதில் ஒரே ஒரு எண் தவறியதால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற ஒரு மருந்தே சாட்சி.

கொலஸ்ட்ராலுக்கான லிபிட்டார் மாத்திரை அப்போது ஃபைசர் நிறுவனத்துடையதாக இருந்தது. அதற்குள் இருப்பது அட்டோர்வாஸ்டாட்டின் என்ற அமிலத்தின் கால்சியம் உப்பு. அந்த மருந்துக்கான அமெரிக்கக் காப்புரிமைகளில் ஒன்று 1993-இல் வழங்கப்பட்ட 5,273,995. அதன் கிளெய்ம் 1, சுருக்கமாக, அட்டோர்வாஸ்டாட்டின் அமிலம், அல்லது அதன் லாக்டோன் வடிவம், அல்லது அவற்றின் மருந்துக்கு ஏற்ற உப்புகள். கிளெய்ம் 2, ‘கிளெய்ம் 1-இன் சேர்மங்களுள் அமிலமாக இருப்பது’ என்று அமிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. கிளெய்ம் 6, ‘கிளெய்ம் 2-இன் சேர்மத்தின் ஹெமிகால்சியம் உப்பு’. மாத்திரையில் இருக்கும் பொருள் இதுதான்.

இந்தியாவின் ரான்பாக்ஸி நிறுவனம் வழக்கில் கேட்டது ஒரே கேள்வி. 2-இல் அமிலம் மட்டும்தானே இருக்கிறது, உப்பு எங்கே இருக்கிறது? உப்பு அமிலத்தில் ஒரு வகை அல்ல, வேறு பொருள்.

பெஞ்சில் இருந்த தோழிக்கு இதை இப்படிச் சொன்னேன். கிளெய்ம் 1: பால், அல்லது பாலில் உறைய வைத்த தயிர். கிளெய்ம் 2: 1-இல் உள்ளவற்றுள் பால். கிளெய்ம் 6: 2-இல் சொன்ன பாலின் தயிர். தயிர் பாலிலிருந்து வந்தது உண்மை. ஆனால் ‘பால் மட்டும்’ என்று வேலி போட்ட இடத்தில் தயிருக்கு இடம் இல்லை. 6-ஐ 1-இல் தொங்க விட்டிருந்தால் தயிர் உள்ளேயே இருந்திருக்கும். தனிக் கிளெய்மாக எழுதியிருந்தாலும் நின்றிருக்கும்.

ஃபைசர் தரப்பு, இது வெறும் எழுத்து முறைச் சிக்கல், இதற்காகக் கிளெய்மையே தள்ளலாமா என்று வாதாடியது. கீழ் நீதிமன்றம் ஏற்றது. 2006 ஆகஸ்டில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. சார்புக் கிளெய்ம் தாய்க் கிளெய்மை மேலும் குறுக்க வேண்டும் என்பது சட்டம் போட்ட நிபந்தனை. 6 அதைச் செய்யவில்லை. ஆகவே செல்லாது என்றது. ஃபைசரிடம் அதே மருந்துக்கு இன்னொரு காப்புரிமையும் இருந்தது, அது அந்த வழக்கில் நின்றது. விழுந்த கிளெய்மைச் சரி செய்ய மறு வழங்கல் கேட்டு, 2009-இல்தான் புதுக் காப்புரிமை கையில் வந்தது.

கவனித்துப் பாருங்கள். 6-இல் ‘அந்த’ எதுவும் அறுந்து தொங்கவில்லை. எண் முன்னால் உள்ளதையே காட்டியது. வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாக இருந்தது. ஆய்வாளரைத் தாண்டி, காப்புரிமை வழங்கப்பட்டு, பன்னிரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில்தான் இடறியது. முதல் இரண்டு கேள்விகளில் மாட்டாத தப்பு இது. இதைப் பிடிக்க எண்ணைப் பார்த்துப் பயன் இல்லை. கிளெய்மை முழுதாக விரித்து, தாயின் சொற்களையும் பிள்ளையின் சொற்களையும் சேர்த்து ஒரே மூச்சில் படிக்க வேண்டும்.

தாக்கல் செய்த பிறகும் எண்கள் சும்மா இருப்பதில்லை. மூடியையே எடுத்துக்கொள்வோம். உணரியும் பஸ்ஸரும் உள்ள ஒரு பழைய மூடியைக் காட்டி ஆய்வாளர் 1-ஐ மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் 7-இல் உள்ள ஆவித்துளையை 1-க்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். 7 தேவையில்லை. அப்போது 7-ஐப் பிடித்துத் தொங்கிய மடல் அநாதையாகும். அதை 1-இல் கட்ட வேண்டும். அமெரிக்க நடைமுறையில் 7-இன் இடத்தில் நீக்கப்பட்டது என்று எழுதிவிட்டு, மடல் 8-ஆகவே இருக்கும். புதிதாகச் சேர்ப்பது 9-லிருந்து தொடங்கும். கடைசியில் வழங்கும் தறுவாயில்தான் எண் மாறும், அதையும் ஆய்வாளர் மாற்றுவார். நாமே இடையில் வரிசையை இறுக்கினால் முன்பு எழுதிய பதில்களில் உள்ள 8 எது, இப்போதுள்ள 8 எது என்ற குழப்பம் வரும். இங்கே நாம் திருத்திய கிளெய்ம்களை மறுபடி 1-லிருந்து வரிசையாக எண் போட்டுத் தரும்போது, அடையாளமிட்ட பிரதியில் பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரத்தையும் மறுபடி வரைவேன்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. “இப்ப உன் கிளெய்ம்களை விரிச்சுப் படிம்மா. சத்தமா.”

அவர் தாளை எடுத்துப் படித்தார். 2 சரி. 3 சரி. 4-ஐ இப்போது 3-இல் கட்டியிருந்தார், அதுவும் சரி. 5-க்கு வந்ததும் நின்றார். பெட்டியில் மாற்றியது கைவிட்டதும், மத்தியானம் அவசரத்தில் கையால் திருத்தும்போது மேலே உள்ள வரியை நகலெடுத்து, ‘கிளெய்ம் 4-இன் மூடி, அந்தத் தட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று எழுதியிருக்கிறார்.

“தட்டு 1-லயே இருக்கு சார். அதனால எதுவும் உடையல.”

“விரிச்சுப் படி.”

“தட்டு, உணரி, பஸ்ஸர், கைப்பிடி, குழிவு, பேட்டரி, ஸ்டீல்…” கொஞ்சம் யோசித்தார். “ஸ்டீல் தட்டுன்னு சொல்லணும்னா பேட்டரிக் கைப்பிடியும் கூடவே வேணும்னு ஆயிடுச்சே.”

அதுதான். நாளை ஒருவர் கைப்பிடியே இல்லாத ஸ்டீல் மூடி செய்கிறார் என்று வைப்போம். கிளெய்ம் 1 உயிரோடு இருந்தால் அவர் அதில் மாட்டுவார். ஆனால் ஒரு பழைய மூடியைக் காட்டி 1-ஐ அடித்துவிட்டால், அடுத்த அரணாக இருக்க வேண்டியது ஸ்டீல் கிளெய்ம். பின்னால் பதுங்க இடம் வேண்டுமென்றுதான் சார்புக் கிளெய்மே எழுதுகிறோம். 4-இல் தொங்க விட்டதால் அந்த இடத்தில் கைப்பிடியும் பேட்டரியும் இல்லாதவர் வேலிக்கு வெளியே நடந்து போய்விடுவார். எந்த ஆய்வாளரும் இதைச் சொல்ல மாட்டார். அவர் கண்ணுக்கு அது ஒழுங்கான கிளெய்ம். என்ன எழுத நினைத்தோம் என்ற மரம் நம்மிடம்தான் இருக்கிறது.

அவர் பென்சிலால் 4-ஐ அடித்து 1 என்று போட்டார். பிறகு மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், பேட்டரி கைப்பிடிக்குள்ளதான் இருக்கணுமா? தட்டோட அடியில ஒட்டினாலும் மூடி வேலை செய்யுமே. அப்ப 6, 4-இல தொங்கக் கூடாதில்ல?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் மூடியைச் செய்தவரிடம் இருந்தது. தோழி டீக்காசை மேசையில் வைத்துவிட்டு, போனை எடுத்து அவருடைய எண்ணைத் தேட ஆரம்பித்தார்.